மொட்டை போட்ட பிள்ளைய பாட்டு பாடி ஓட்டுறாங்க, ஸ்கூல்ல சொல்லணுமா விடணுமா?

பாப்பாஅம்மா_திருச்சி

எல்லாருக்கும் வணக்கம், ஒரு சின்ன விஷயம்தான் ஆனா ரெண்டு நாளா மண்டைய குடையுது. பாப்பாவுக்கு ஆறு வயசு, ஒண்ணாங்கிளாஸ். போன வெள்ளிக்கிழமை சமயபுரத்துல மொட்டை போட்டோம், சின்ன வயசுல உடம்பு முடியாம இருந்தப்ப வேண்டிக்கிட்டது, தள்ளி தள்ளி போய் இப்பதான் முடிஞ்சுது. திங்கக்கிழமை தொப்பி போட்டு அனுப்புனேன். இன்டர்வெல்ல யாரோ தொப்பிய புடுங்கி, எல்லாம் வட்டமா நின்னு "மொட்டையும் மொட்டையும் சேந்துச்சாம், முருங்க மரத்துல ஏறுச்சாம், கட்டெறும்பு கடிச்சுச்சாம், காள் காள்னு கத்துச்சாம்"னு பாடியிருக்காங்க. அழுதுட்டே வந்தா, நாளைக்கு ஸ்கூலுக்கு போகமாட்டேன்னு ஒரே அடம்.

வீட்டுக்காரர் விடுன்னு சொல்றார். மாமியார் சிரிக்கிறாங்க, "இந்த பாட்ட நானே எத்தன பேர பாத்து பாடியிருக்கேன்"னு. எனக்குத்தான் மனசு கேக்கல. கிளாஸ் வாட்ஸப் குரூப்ல பேரன்ட்ஸ்கிட்ட சொல்லலாமான்னு டைப் பண்ணி பண்ணி அழிச்சுட்டு இருக்கேன். நீங்கல்லாம் என்ன பண்ணுவீங்க?

ரெண்டுபையன்அப்பா

குரூப்ல மட்டும் போட்றாதீங்க சிஸ்டர், ஆறு வயசு பிள்ளைங்க சண்டை அறுவது பெரியவங்க சண்டையா ஆயிடும். என் பெரியவன் யூகேஜி படிச்சப்ப ஒரு அம்மா அப்படி போட்டு, அதுக்கு இன்னொருத்தர் "என் பிள்ளை அப்படி இல்ல"ன்னு போட்டு, கடைசில பிள்ளைங்க ரெண்டும் ஒரே பெஞ்சுல உக்காந்து சிப்ஸ் தின்னுட்டு இருக்கு, பெத்தவங்க இன்னைக்கு வரைக்கும் பேசிக்கிறது இல்ல.

என்னைய ஓட்டைப்பல்லுன்னு கூப்புட்டானுங்க, அப்புறம் ஒல்லிக்குச்சி, அப்புறம் தோத்தாங்கோளி. செத்தா போயிட்டேன்? நம்ம கண்டுக்காம இருந்தா அதுவா அடங்கிடும். எல்லாத்துக்கும் குதிச்சா பிள்ளைக்கு தோல் தடிக்கவே தடிக்காது. என்ன சொன்னாலும் காதுல வாங்காம விட்ரணும், அவ்ளோதான்.

மலர்விழி

அக்கா, மொட்டை போட்ட முடி சீக்கிரமே வந்துடும், பயப்படாதீங்க. கரிசலாங்கண்ணி போட்டு காய்ச்சின தேங்காண்ணெய் வாரத்துல ரெண்டு நாள் தேச்சு விடுங்க. என் தங்கச்சி பொண்ணுக்கு ரெண்டே மாசத்துல கிளிப் போடற அளவு வந்துடுச்சு.

ரெண்டுபையன்அப்பா

@மலர்விழி அவங்க கேட்டது முடி பத்தி இல்லம்மா 😀

மலர்விழி

தெரியும் அண்ணா, முடி வந்துட்டா பாட்டும் நின்னுடும்ல அதுக்குத்தான் சொன்னேன்.

உள்ளேன்ஐயா

என் பேர பாத்து சிரிக்காதீங்க, காரணத்தோடதான் வெச்சிருக்கேன். எனக்கு சின்ன வயசுல இருந்து திக்கும், இப்பவும் போன்ல பேசறப்ப கொஞ்சம் உண்டு. அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப "உள்ளேன் ஐயா" சொல்லணும். அந்த "உ"ல நின்னுடுவேன். ரெண்டாங்கிளாஸ்ல ஒரு நாள் நான் "உ உ உ"ன்னு நிக்க, பின்னாடி பெஞ்சுல இருந்து ஒருத்தன் "ரயிலு கெளம்பிருச்சு டோய்"ன்னான். மொத்த கிளாசும் சிரிச்சுது. சாரும் சிரிச்சார். அதுதான் விஷயமே, சாரும் சிரிச்சார். அன்னைலருந்து என் பேரு ரயிலு. எட்டாவது வரைக்கும் ரயிலு. என் சொந்தப் பேர சொன்னா பாதி பசங்களுக்கு யாருன்னே தெரியாது.

ரெண்டுபையன்அப்பா அண்ணன் சொல்ற மாதிரி நானும் கண்டுக்காம இருந்து பாத்தேன், எங்க வீட்லயும் அதையேதான் சொன்னாங்க. ஆனா ஓட்டைப்பல்லு முளைச்சுடும் அண்ணா. எனக்கு எது முளைக்கும்? ஆறு வருஷம் அட்டெண்டன்ஸ் எடுக்கற நேரத்துக்கு வயித்த கலக்கும், மூணாவதுல இருந்து வேணும்னே லேட்டா போவேன், வெளிய முட்டி போட விட்டாலும் பரவால்ல, அந்த ஒரு வார்த்தை சொல்ல வேணாம்ல.

ரெண்டுபையன்அப்பா

சரி தம்பி, அது வேற. அதை நான் யோசிக்கல.

பால்வாடி_சரசு

மக்களே, நான் முப்பத்தோரு வருஷம் ஒண்ணு ரெண்டு மூணு கிளாசுக்குத்தான் பாடம் எடுத்தேன் (பால்வாடி வேலை அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம், பேரு ஒட்டிக்கிச்சு). இதுல எது விடணும் எது புடிக்கணும்னு நான் கத்துக்கறதுக்கே பத்து வருஷம் ஆச்சு, அதுவரைக்கும் எல்லாத்துக்கும் கத்திட்டு இருந்தேன், முக்கியமானத கோட்டை விட்டேன்.

பாப்பா அம்மா, மொதல்ல அந்த தொப்பிய எடுத்துருங்க. தொப்பி இருந்தா அதுல புடுங்கறதுக்கு ஒண்ணு இருக்குன்னு அர்த்தம் பிள்ளைங்களுக்கு. வெயிலுக்குன்னா போற வர வழியில மட்டும் போடட்டும்.

ரெண்டாவது, அந்த மொட்டை பாட்டு. ஆடி, பங்குனி, முழுப்பரீட்சை லீவு முடிஞ்சு, இப்படி வருஷத்துல மூணு தடவையாவது என் கிளாஸ்ல யாராவது மொட்டையோட வரும். வந்தா அந்த பாட்டு வரும். அது ஊர்ல சுத்தற பாட்டு, அந்த பிள்ளைக்குன்னு கட்டினது இல்ல. இன்னைக்கு பாடறவன் நாளைக்கு மொட்டை, அப்ப இவ பாடுவா. ஆறு ஏழு வயசுல முன்பல்லு விழுறதும் அப்படித்தான், எல்லாருக்கும் முறை வரும், அதனால ஓட்டைப்பல்லுங்கறது ஒரு சுத்து போயிட்டு தானா செத்துரும். தோத்தாங்கோளி, அழுகுணி, காய் விட்டுட்டேன் பழம் விட்டுட்டேன், இதுக்கெல்லாம் நான் தலையே தூக்கமாட்டேன். அதுதான் அவங்க கோர்ட்டு. அழுகுணி ஆட்டம் ஆடுனவன அவங்களே கூப்புட்டு சொல்ற வழி அது, நான் நடுவுல போனா அடுத்த தடவை எல்லாத்துக்கும் என்கிட்டதான் ஓடி வரும்.

நான் புடிக்கிறது எதைன்னா, ஒரே பிள்ளை மேல ஒட்டுற பேரு. அது போகாத விஷயத்துல இருக்கும்: நெறம், திக்கு, கண்ணு, கால், அப்பன் செய்யற வேலை, இருக்கற தெரு. முறை மாறாது. அந்த தம்பி சொன்ன ரயிலு அதுதான். அதுல சார் சிரிச்சாரு பாருங்க, அங்கதான் பேரு பட்டா போட்டு குடுத்தாச்சு.

பாட்டுல கெட்ட வார்த்தை இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. பசங்க விளையாடறப்ப "ஒப்புக்குச் சப்பாணி"ன்னு சொல்லுவாங்களே, அந்த வார்த்தைய தனியா எடுத்தா கால் முடியாதவங்கள சொல்ற வார்த்தைதான், எனக்கும் புடிக்காது. ஆனா அவங்க அத எதுக்கு வெச்சிருக்காங்க? குட்டித் தம்பிய, ஓட முடியாத பிள்ளைய, அவுட் ஆக்காம ஆட்டத்துல சேத்துக்க. அன்பான வேலைக்கு அசிங்கமான பேரு. அதே மாதிரி ரொம்ப இனிப்பான வார்த்தைய வெச்சு ஒரு பிள்ளைய தினம் கொல்றதும் பாத்துருக்கேன், "ராணி வந்தாச்சு, ராணி வந்தாச்சு"ன்னு, கிழிஞ்ச பாவாடை போட்டு வர பிள்ளைய.

அதனால வார்த்தைய விட்டுட்டு பிள்ளை எங்க நிக்குதுன்னு பாருங்க. பாட்டு முடிஞ்சதும் அவ ஆட்டத்துல இருக்காளா, ஓரமா நிக்கறாளா? அழுதப்ப அவங்க நிறுத்தினாங்களா, சத்தம் கூடிச்சா? பதிலுக்கு எதாவது சொல்றாளா? மூணு நாள் பாருங்க. சாயங்காலம் "யாரு பாடுனா"ன்னு போலீஸ் மாதிரி கேக்காதீங்க. "இன்னைக்கு என்ன ஆட்டம் ஆடுனீங்க, நீ யார் டீம்"னு கேளுங்க. எல்லாம் தானா வரும்.

பாப்பாஅம்மா_திருச்சி

டீச்சர் ரொம்ப நன்றி, இவ்ளோ பொறுமையா எழுதினதுக்கு. குரூப்ல போடல. தொப்பி நாளைல இருந்து கட். மூணு நாள் பாத்துட்டு வந்து சொல்றேன்.

லண்டன்வாசி

இங்க பசங்க யாரு முதல்னு எண்ணறதுக்கு ஈனி மீனி மைனி மோ சொல்லுவாங்க, நம்ம இங்கி பிங்கி பாங்கி மாதிரி. இப்ப அதுல புலிய கால புடிக்கறாங்க. முன்னாடி அந்த இடத்துல கறுப்பின மக்கள இழிவா சொல்ற வார்த்தைதான் இருந்துச்சு, தலைமுறை தலைமுறையா அர்த்தமே தெரியாம பிள்ளைங்க பாடியிருக்காங்க. என் பசங்க புலி வெர்ஷன்தான் பாடறாங்க, பழசு அவங்களுக்கு தெரியவே தெரியாது. ஒரு வார்த்தைய மாத்தினா பாட்டு ஒண்ணும் செத்துடறதில்லன்னு சொல்ல வந்தேன், நம்ம மேட்டருக்கு சம்பந்தம் இருக்கான்னு தெரியல.

நல்லூரான்

எங்கட பக்கம் இதைப் பட்டம் தெளிக்கிறது எண்டு சொல்லுவம். நான் யாழ்ப்பாணத்தில படிக்கேக்க எங்கட வகுப்பில பட்டம் இல்லாத பெடியன் ஒருத்தனும் இல்லை, வாத்திமாருக்கும் இருந்தது. விளையாட்டில களவு விட்டா "அளாப்பி, அளாப்பி" எண்டு கத்துவம், அது அடுத்த ஆட்டத்தோட முடிஞ்சிடும். ஆனா டீச்சர் சொன்னது சரி, தகப்பன்ர தொழிலைப் பிடிச்சு வைச்ச பட்டங்கள் மட்டும் முடியேல்ல. முப்பது வருசம் கழிச்சு கனடாவில ஒரு கலியாண வீட்டில சந்திச்சாலும் அந்தப் பட்டத்தாலதான் கூப்பிடினம், அவன் சிரிச்சுக்கொண்டு நிக்கிறான், முகத்தைப் பாத்தா தெரியும்.

பாப்பாஅம்மா_திருச்சி

மூணு நாள்னு சொன்னேன், அஞ்சு நாள் ஆச்சு.

பாப்பா மேட்டர் முடிஞ்சுது. மறுநாள் தொப்பி இல்லாம போனா, பாட்டு வந்துச்சாம், இவ "நான் மொட்டை, நீ குட்டை"ன்னு எதோ சொல்லியிருக்கா. அதுக்கு அடுத்த நாள் எல்லாரும் லைன் கட்டி நின்னு மண்டைய தடவிப் பாத்தாங்களாம். தடவறதுக்கு ஒரு ஸ்கெட்ச் பென்சில் வாங்குனியான்னு கேட்டேன், ஈன்னு சிரிக்கறா. ரெண்டு பென்சில் பையில இருந்துச்சு.

ஆனா வேற ஒண்ணு. நேத்து குளிக்க வெச்சுட்டு இருந்தேன், பொம்மைய பக்கெட்ல முக்கி முக்கி அதே பாட்ட பாடறா. கத்துச்சாம்னு முடிஞ்சதும் இன்னொரு வரி பாடறா. எனக்கு கை அப்படியே நின்னுடுச்சு. "மழிச்சவன் யாருன்னு கேட்டுச்சாம்"னு ஆரம்பிச்சு, கடைசில முடிவெட்டறவங்கள சொல்ற அந்த பழைய சாதி வார்த்தை வருது, அ-ல ஆரம்பிக்குமே அது. அதுக்கப்புறம் அவ கிளாஸ்ல இருக்கற ஒரு பையன் பேரு.

"ஏன்டி அவன் பேரு?"ன்னு கேட்டேன். "அவங்கப்பாதான் மொட்டை போடுவாரு, அவரு கட வெச்சிருக்காரு"ன்னு சாதாரணமா சொல்றா. "எல்லாரும் பாடறீங்களா?" "ம். நான்தான் மொதல்ல பாடுனேன்."

இது யாருக்கு சொல்லி அழ. அந்த வார்த்தை அவளுக்கு எங்கருந்து வந்துச்சுன்னு ஸ்கூல திட்டலாம்னு இருந்தேன். அப்புறம் ஞாபகம் வந்துச்சு. சமயபுரத்துல மொட்டை போடற மண்டபத்துல லைன்ல நிக்கறப்ப எங்க மாமனார் அந்த வார்த்தைய சொன்னார், ரெண்டு மூணு தடவை, "அந்த ... கிட்ட சொல்லு, பாத்து போடச் சொல்லு"ன்னு. திட்டி கூட இல்ல, சும்மா பேர் சொல்ற மாதிரி. பாப்பா அவர் இடுப்புலதான் இருந்தா.

ரெண்டுபையன்அப்பா

அய்யய்யோ. இது கண்டுக்காம விடற கேஸ் இல்ல.

சட்டம்_தெரிஞ்சவன்

மேடம் இது சீரியஸ். எஸ்சி எஸ்டி வன்கொடுமை சட்டத்துல சாதி பேர சொல்லி பொது இடத்துல அவமானப்படுத்தினா கேஸ் ஆகும். ஸ்கூல் மேலயே வரும். உடனே மன்னிப்பு கடிதம் குடுத்துடுங்க சேஃப்டிக்கு.

கோர்ட்டு_குமாஸ்தா

சார் பாதி சரி. அந்தச் சட்டம் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு. மருத்துவர், நாவிதர் சமூகம் தமிழ்நாட்டுல மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்ல இருக்காங்க, அதனால அந்த சட்டம் இதுக்கு வராது. ரெண்டாவது, ஏழு வயசுக்கு கீழ இருக்கற பிள்ளை செஞ்சது எதுவும் குற்றமே ஆகாதுன்னு சட்டத்துலயே இருக்கு, பழைய ஐபிசிலயும் இருந்துச்சு இப்ப புது சட்டத்துலயும் இருக்கு. ஆறு வயசு பிள்ளைக்கு மன்னிப்பு கடிதம் எழுதறதெல்லாம் சினிமா.

ஆனா ஒண்ணு, வாத்தியாருக்கு சட்டம் இருக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவு, பிள்ளைய அடிக்கவும் கூடாது மனசளவுல துன்புறுத்தவும் கூடாது. உள்ளேன்ஐயா தம்பி சொன்ன சார் மாதிரி ஆளு இன்னைக்கு கிளாஸ்ல பட்டப்பேர் சொல்லி கூப்புட்டா அதுல வரும். பசங்களுக்குள்ள நடக்கறதுக்கு கோர்ட்டு வழி கிடையாது, டீச்சர் வழிதான்.

உள்ளேன்ஐயா

நான் படிச்சது 2009க்கு முன்னாடி சார், நம்ம நேரம் 😅

பால்வாடி_சரசு

பாப்பா அம்மா, ஒளிக்காம எழுதினீங்களே, அதுக்கே பாதி வேலை முடிஞ்சுது. பாப்பாவ அடிச்சுறாதீங்க. அவளுக்கு அது சாதி வார்த்தைன்னு தெரியாது, மொட்டை போடறவருக்கு அதுதான் பேருன்னு நெனச்சிருக்கா, தாத்தா அப்படித்தான் சொன்னார். போலீஸ், டிரைவர்ங்கற மாதிரி அவளுக்கு அது. ஆனா அந்த பையனுக்கு தெரிஞ்சிருக்கும். அந்த வார்த்தை என்னன்னு அந்த வீட்டு பிள்ளைங்களுக்கு அஞ்சு வயசுலயே தெரிஞ்சிடும், நீங்க நான் சொல்லித் தரவேணாம்.

இன்னைக்கே, சாப்பாடு ஊட்டறப்பவோ எப்பவோ, கொஞ்சமா பேசுங்க. "மொட்டை பாட்டு பாடு. அந்த கடைசி வரி வேணாம். அது அவங்கப்பாவ அசிங்கமா சொல்ற வார்த்தை. முடிவெட்டறவர்னு சொல்லலாம், சலூன் அண்ணன்னு சொல்லலாம்." இவ்ளோ போதும். சாதின்னா என்னன்னு ஆறு வயசுக்கு லெக்சர் வேணாம், நூறு கேள்வி கேட்டுட்டு நாளைக்கு ஸ்கூல்ல போய் எல்லார்கிட்டயும் "நீ என்ன சாதி"ன்னு கேக்கும், அதையும் நான் பாத்துருக்கேன். ஏன் பாடுனன்னு கேக்காதீங்க, அதுக்கு அவகிட்ட பதில் கிடையாது. முகத்த மட்டும் சிரிக்காம வெச்சுக்கோங்க.

கிளாஸ் டீச்சர்கிட்ட நீங்களே போங்க, "என் பொண்ணுதான் ஆரம்பிச்சா"ன்னு சொல்லுங்க. அப்படி ஆரம்பிச்சா அவங்களும் பயப்படாம கேப்பாங்க. டீச்சர் பாடின பிள்ளைங்கள ஒவ்வொண்ணா, ஓரமா கூப்புட்டு சொல்லட்டும். அசெம்ப்ளில வேணாம். பையன எழுப்பி நிக்க வெச்சு எல்லாரும் சாரி சொல்ற கூத்து வேணவே வேணாம், அந்த வார்த்தைய மறுபடி மைக்கு போட்டு சொல்ற மாதிரி. அவனுக்கு ஒரு வேலை குடுக்கட்டும், ஆட்டத்துல லீடர், எதாவது.

அப்புறம் ரெண்டு வாரம் பாக்கணும். பெரியவங்க புடிச்சா பாட்டு நிக்காது, எடம் மாறும், பாத்ரூம் போற வழி, வேன். பையன் இன்டர்வெல்ல கிளாஸ விட்டு வெளிய வராம உக்காந்திருக்கானா, காலைல வயிறு வலின்னு வரானா, ஒன்னுக்கு அடக்கிட்டு இருக்கானா. எல்லாத்தையும் விட ஒண்ணு, யாரு கொண்டுவந்து விடறாங்கன்னு பாருங்க. அப்பா வந்துட்டு இருந்த இடத்துல திடீர்னு அம்மா வந்தா, பிள்ளை அப்பாவ வேணாம்னு சொல்லியிருக்கும்.

கத்திரிக்கோல்

இத்தன நாள் படிச்சுட்டு மட்டும் இருந்தேன். டீச்சரோட கடைசி வரி படிச்சதும் எழுதாம இருக்க முடியல. நான் அந்த பையன்தான், வேற ஊரு, இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி.

எங்கப்பாவோட கடை ஸ்கூல்ல இருந்து மூணாவது தெரு. பென்சில் சீவ பிளேடு வேணும்னா என் பக்கம்தான் திரும்புவானுங்க, "டேய் உங்கப்பன் கத்திய கொண்டாடா"ன்னு. யாரும் என்னைய அடிக்கல. ஆட்டத்துல சேத்துக்கிட்டானுங்க, சிரிச்சு பேசுவானுங்க. டீச்சர் சொல்ற "பிள்ளை ஆட்டத்துல இருக்கா"ன்னு பாத்தா நான் பாஸாயிருப்பேன். அதனால மன்னிச்சுக்கங்க டீச்சர், அது மட்டும் பாத்தா பத்தாது. நானும் சேந்து சிரிச்சேன். சிரிக்கலன்னா ஆட்டத்துல இருந்து போயிடும்னு தெரியும்.

எங்கப்பா சைக்கிள்ல கொண்டாந்து விடுவார், சட்டைல பவுடர் வாசன இருக்கும். ரெண்டாங்கிளாஸ்ல ஒரு நாள் "நீ கேட் வரைக்கும் வராதப்பா"ன்னேன். ஏன்னு கேக்கல. மறுநாள்ல இருந்து மொத தெரு மொனையிலயே எறக்கி விட்டுட்டு, நான் உள்ள போற வரைக்கும் அங்க நின்னு பாத்துட்டு போவார். அஞ்சாவது முடியற வரைக்கும் அப்படித்தான்.

இன்னொண்ணும் சொல்றேன். ஓரமா கூப்புட்டு சொல்றதுன்னு சொன்னீங்க. பாடினது மொத்த கிளாசு, எல்லார் முன்னாடியும். திருத்தறது மட்டும் ரகசியமாவா? எனக்கு அந்த வயசுல ஒரு பெரிய மனுஷன் எல்லார் முன்னாடியும் ஒரே தடவை "அந்த வார்த்தை தப்பு"ன்னு சொல்லியிருந்தா போதும். யாரும் சொல்லல. எல்லாரும் என் நல்லதுக்குன்னு அமைதியா இருந்தாங்க.

பால்வாடி_சரசு

தம்பி, நீங்க சொல்றத கேக்கறேன். என் கிளாஸ்லயும் உங்கள மாதிரி சிரிச்சுட்டு இருந்த பிள்ளைங்க இருந்திருக்கும், நான் பாஸ் போட்டுட்டு போயிருப்பேன். பொதுவுல சொல்றதுல எனக்கு பயம் என்னன்னா, சொன்ன அடுத்த நிமிஷம் முப்பது தலையும் அந்த பையன் பக்கம் திரும்பும். அதுக்காகத்தான் சொன்னேன்.

கத்திரிக்கோல்

அது ஏற்கனவே திரும்பித்தான் இருக்கு டீச்சர்.

நல்லூரான்

பெயர் சொல்லாமல் சொல்லலாம்தானே? "இந்த வகுப்பில ஒருத்தற்ர அப்பா அம்மான்ர தொழிலையும் பாட்டில போடக்கூடாது" எண்டு. எல்லாப் பிள்ளையளுக்கும் அப்பா இருக்கினம்.

பால்வாடி_சரசு

இது நல்லா இருக்கு. பாட்டு பீரியட்ல சொல்லலாம், சட்டம் மாதிரி. பாடினவங்கள தனியாவும், இத எல்லாருக்கும். ஆனா தம்பி கேக்கறது இது இல்லன்னும் எனக்கு தெரியுது.

மலர்விழி

எங்க பாட்டி ஊர்ல பிரசவம் பாத்தது அந்த வீட்டு அம்மாதான், மருத்துவச்சின்னுதான் சொல்லுவாங்க. வைத்தியம் பாத்த குடும்பம். என் அம்மா பொறந்ததே அவங்க கையிலதான். அந்த பேர எல்லாம் விட்டுட்டு இத மட்டும் எப்படி புடிச்சுக்கிட்டாங்கன்னு தெரியல.

பாப்பாஅம்மா_திருச்சி

நடந்தத சொல்றேன், நீளமா இருந்தா மன்னிக்கவும்.

பாப்பாகிட்ட டீச்சர் சொன்ன மாதிரியே சொன்னேன். "அப்ப தாத்தா சொன்னாரே?"ன்னு கேட்டா. தாத்தா தப்பா சொல்லிட்டாருன்னேன். தாத்தா ஹால்லதான் உக்காந்திருந்தார், காதுல விழுந்துச்சு. டிவி சவுண்ட கூட்டி வெச்சுட்டார். ராத்திரி வீட்டுக்காரர்கிட்ட, "நாங்க எந்த காலத்துல இருந்து சொல்றோம், அவங்களே தப்பா எடுத்துக்கமாட்டாங்க, மண்டபத்துல அந்த ஆளு சிரிச்சுட்டுதான போட்டான்"னு சொன்னாராம். வீட்டுக்காரர் "சிரிக்காம என்னப்பா பண்ணுவார், முன்னாடி இருநூறு பேர் லைன்ல நிக்கறாங்க"ன்னு மட்டும் சொன்னார். ரெண்டு நாளா மாமனார் என்கிட்ட பேசல. பேசவேணாம் பரவால்ல, பாப்பா முன்னாடி அந்த வார்த்தை வராம இருந்தா போதும்.

கிளாஸ் டீச்சர் சின்ன பொண்ணு, இருபத்து நாலு இருக்கும். என் பொண்ணுதான் ஆரம்பிச்சான்னதும் முகம் மாறிச்சு, அவங்க காதுல பாட்டு விழுந்திருக்கு, கடைசி வரி புரியலயாம். தனியாவும் சொன்னாங்க, நல்லூரான் அண்ணன் சொன்ன ரூலையும் சொன்னாங்க, யாரோட அப்பா அம்மா வேலையும் பாட்டுல வரக்கூடாதுன்னு. உடனே ஒருத்தன் "மிஸ் போலீஸ் பாட்டு?"ன்னு கேட்டானாம், அவங்கப்பா போலீஸாம். மிஸ்ஸுக்கே பதில் தெரியலயாம்.

பாட்டு இப்ப கட்டெறும்போட முடியுது. இது நான் கேட்டு உறுதி பண்ணது. பாத்ரூம் வழில என்ன நடக்குதுன்னு எனக்கு தெரியாது.

சாயங்காலம் கேட்ல ஒரு வாரமா நிக்கறேன். பையன கூட்டிட்டு போக அவங்கம்மாதான் வராங்க. முன்னாடி யாரு வருவாங்கன்னு நான் கவனிச்சதே இல்ல, அதான் உறுத்துது. கேக்கவும் முடியல, என்னன்னு கேப்பேன்.

கத்திரிக்கோல்

சனிக்கிழமை பாக்காதீங்க, கடைல கூட்டம் இருக்கும். வார நாள்லயும் சாயங்காலம் வர முடியாம இருக்கலாம், அதுவும் உண்டு. செவ்வாய்க்கிழமை பாருங்க. நம்ம பக்கம் சலூனுக்கு அன்னைக்குத்தான் லீவு. அன்னைக்கு வரலாம்.

பாப்பாஅம்மா_திருச்சி

இன்னைக்கு செவ்வாய். சீக்கிரமே போய் நின்னேன். கேட்டுக்கு அம்மாதான் வந்தாங்க, பைய வாங்கிட்டு கூட்டிட்டு போனாங்க. ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஜெராக்ஸ் கடை தாண்டி ஒரு பைக் நின்னுச்சு, ஒருத்தர் உக்காந்திருந்தார். பையன் ஓடிப் போய் டேங்க் மேல ஏறி உக்காந்தான்.